மூன்று பேர், 15,000 வரி: வளர்வீதம், விகிதாச்சாரம், தேய்வு வீதம்

ஒரு வரி எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டால், பலரும் முதலில் பார்ப்பது யார் அதிகத் தொகை கட்டுகிறார் என்பதைத்தான். பணக்காரர் அதிகம் கட்டினால் அது வளர்வீத வரி, எல்லோரும் ஒரே மாதிரி கட்டினால் விகிதாச்சார வரி என்று ஒரு கணக்கு மனதில் ஓடும். இந்தக் கணக்கு தவறு. எவ்வளவு கட்டினார் என்ற தொகையை வைத்து வகை பிரிப்பதில்லை. அந்தத் தொகை அவருடைய வருமானத்தில் எத்தனை சதவீதம், வருமானம் ஏற ஏற அந்தச் சதவீதம் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. சதவீதம் ஏறினால் வளர்வீதம். மாறாமல் இருந்தால் விகிதாச்சாரம். இறங்கினால் தேய்வு வீதம்.

இந்தச் சதவீதத்துக்குச் சராசரி வரி வீதம் என்று பெயர். கட்டிய மொத்த வரியை மொத்த வருமானத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் கிடைத்துவிடும். இந்த ஒரு வகுத்தலைத் தவிர இங்கே வேறு பெரிய கணிதம் எதுவும் தேவைப்படாது.

ஒரு சின்ன ஊகத்தோடு தொடங்குவோம். ஒரு நாட்டில் மூன்றே பேர் இருக்கிறார்கள். மீனாவின் ஆண்டு வருமானம் 10,000. ரவிக்கு 30,000. வாணிக்கு 60,000. மூன்றும் சேர்ந்து 1,00,000. எந்த நாணயம் என்பது முக்கியமில்லை, எண்கள் மட்டும் போதும். அரசுக்குத் தேவைப்படுவது 15,000. எந்த முறையில் வசூலித்தாலும் மொத்தம் 15,000 வந்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் ஒப்பீடு குழம்பிவிடும். ஒரு முறையில் 10,000-மும் இன்னொன்றில் 20,000-மும் வசூலித்தால், மீனாவுக்குச் சுமை கூடியது வரியின் வடிவத்தாலா, அரசு அதிகம் கேட்டதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

முதலில் விகிதாச்சார வரி. இது எளிது: எல்லோருக்கும் 15 சதவீதம். மீனா 1,500 கட்டுகிறார், ரவி 4,500, வாணி 9,000. கூட்டினால் 15,000. வாணி மீனாவைவிட ஆறு மடங்கு கட்டுகிறார், ஆனால் அவருடைய வருமானமும் ஆறு மடங்கு. வரி போக மீனாவிடம் 8,500, வாணியிடம் 51,000 மிஞ்சுகிறது. இதை வகுத்துப் பாருங்கள், அங்கேயும் ஆறு மடங்குதான். வரிக்கு முன்பு இருந்த இடைவெளி வரிக்குப் பின்பும் அப்படியே இருக்கிறது. விகிதாச்சார வரியின் அடையாளமே இதுதான். எல்லோருடைய பங்கும் ஒரே அளவில் சுருங்குகிறது, யாரும் யாரையும் முந்துவதில்லை, பிந்துவதும் இல்லை.

அடுத்தது வளர்வீத வரி. இங்கே வருமானத்தை அடுக்குகளாகப் பிரிக்கிறோம். முதல் 10,000-க்கு 5 சதவீதம். 10,000-க்கு மேல் 30,000 வரை உள்ள பகுதிக்கு 15 சதவீதம். 30,000-க்கு மேல் உள்ள பகுதிக்கு 25 சதவீதம்.

மீனாவின் வருமானம் முழுவதும் முதல் அடுக்கிலேயே முடிந்துவிடுகிறது. அவருக்கு 500. ரவிக்கு முதல் அடுக்கில் 500, அடுத்த 20,000-க்கு 15 சதவீதமாக 3,000, ஆக 3,500. வாணிக்கு முதல் அடுக்கில் அதே 500, இரண்டாவதில் அதே 3,000, மூன்றாவது அடுக்கில் இருக்கும் 30,000-க்கு 7,500. மொத்தம் 11,000. மூன்று பேரையும் கூட்டினால் மறுபடியும் 15,000.

இப்போது சராசரி வீதத்தைப் பார்ப்போம். மீனாவுக்கு 5 சதவீதம், ரவிக்கு 11.7, வாணிக்கு 18.3. ஏறிக்கொண்டே போகிறது, ஆகவே வளர்வீதம். வரி போக மீனாவிடம் 9,500, வாணியிடம் 49,000. ஆறு மடங்கு இடைவெளி 5.2 மடங்குக்கும் கொஞ்சம் குறைவாகச் சுருங்கியிருக்கிறது. விகிதாச்சார முறையோடு ஒப்பிட்டால் நடுவில் இருக்கும் ரவிக்கும் 1,000 லாபம். இந்த மாற்றத்தின் சுமை முழுவதும் வாணியின் மேல் விழுந்திருக்கிறது, அதுவும் 2,000 மட்டும்தான். வளர்வீத வரி என்றதும் பணக்காரரின் சொத்தே கரைந்துவிடும் என்று பேசுகிறவர்களும், ஏற்றத்தாழ்வு மறைந்துவிடும் என்று நம்புகிறவர்களும் இந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம். 25 சதவீதம் என்ற உச்ச வீதம் கேட்க மிரட்டுகிறது, ஆனால் வாணி உண்மையில் கட்டியது 18.3 சதவீதம்.

அந்த 25-க்கும் 18.3-க்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கின்றன, அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம். கடைசியாகச் சம்பாதித்த தொகைக்குப் பொருந்தும் வீதத்தை இறுதிநிலை வரி வீதம் என்பார்கள். வாணிக்கு அது 25. மொத்த வருமானத்துக்கும் சேர்த்துப் பார்க்கும் சராசரி வீதம் 18.3. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டவர்கள்தான், "சம்பளம் கூடினால் அடுத்த அடுக்குக்குப் போய்விடுவேன், கைக்கு வருவது குறைந்துவிடும், அதனால் சம்பள உயர்வு வேண்டாம்" என்று பேசுவார்கள்.

ரவியை வைத்தே பார்க்கலாம். அவர் சரியாக 30,000-இல் நிற்கிறார். இன்னும் 1,000 சம்பாதித்தால் என்ன ஆகும்? அந்த 1,000-க்கு மட்டும் 25 சதவீதம், அதாவது 250 வரி. மீதி 750 அவர் கைக்கு வரும். கீழ் அடுக்குகளில் இருக்கும் 30,000-ஐ யாரும் தொடுவதில்லை. ஆகவே அடுக்கு தாண்டியதால் மட்டும் கையில் மிஞ்சுவது குறையவே குறையாது.

ஆனால் இந்தப் பயம் முழுக்கக் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. சட்டத்தை வேறு விதமாக எழுதினால் அது நிஜமாகிவிடும். அடுக்கைத் தொட்டதும் முழு வருமானத்துக்கும் புதிய வீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 30,000 சம்பாதிக்கும் ரவி 15 சதவீதமாக 4,500 கட்டி 25,500-ஐ வைத்துக்கொள்வார். 31,000 சம்பாதித்தால் முழுத் தொகைக்கும் 25 சதவீதம், அதாவது 7,750. மிஞ்சுவது 23,250. ஆயிரம் கூடுதலாகச் சம்பாதித்து 2,250-ஐ இழக்கிறார். பழைய 25,500-ஐ மறுபடி தொட அவருடைய வருமானம் 34,000-க்கு ஏற வேண்டும். இடையில் இருக்கும் எந்தத் தொகையைச் சம்பாதிப்பதும் நஷ்டம்.

இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது கட்டும் முத்திரை வரி 2014 டிசம்பர் வரை இந்த முழுத்தொகை முறையில்தான் இருந்தது. அப்போது 2,50,000 பவுண்டு விலைக்கு 1 சதவீதம், அதாவது 2,500 பவுண்டு. விலை ஒரு பவுண்டு கூடினாலும் முழு விலைக்கும் 3 சதவீதம், அதாவது 7,500 பவுண்டு. விளைவை ஊகிக்கக் கஷ்டமில்லை. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே விற்பனைகள் குவிந்து கிடந்தன, சற்று மேலே காலியாக இருந்தது. ஒரு வரி எல்லைக்குக் கீழே இப்படி ஒரு குவியல் தெரிந்தால், அங்கே வரி திடீரென்று குதிக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். பிறகு அந்த வரியையும் பகுதி பகுதியாகக் கணக்கிடும் அடுக்கு முறைக்கு மாற்றிவிட்டார்கள்.

சரி, தேய்வு வீத வரிக்கு வருவோம். இதன் மிக அப்பட்டமான வடிவம் தலைவரி: ஆளுக்கு 5,000, யாராக இருந்தாலும். மூன்று பேருக்கு 15,000. பார்த்தால் இதைவிடச் சமமான வரி கிடையாது, எல்லோருக்கும் ஒரே தொகை! சதவீதமாக மாற்றினால்தான் விஷயம் தெரிகிறது. மீனாவுக்கு அது வருமானத்தில் 50 சதவீதம். ரவிக்கு 16.7. வாணிக்கு 8.3. வரி போக மீனாவிடம் 5,000, வாணியிடம் 55,000 மிஞ்சுகிறது. ஆறு மடங்கு இடைவெளி பதினொரு மடங்காக விரிந்துவிட்டது.

இந்த வடிவத்தை நவீன காலத்தில் ஒரு பெரிய நாடு முயன்று பார்த்திருக்கிறது. பிரிட்டனில் உள்ளாட்சி அமைப்புகளுக்காக வயதுவந்த ஒவ்வொருவரிடமும் வசூலிக்கும் சமூகக் கட்டணத்தை ஸ்காட்லாந்தில் 1989-இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990-இலும் கொண்டுவந்தார்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகை இருந்தும் எதிர்ப்பு வலுத்தது, 1990 மார்ச்சில் லண்டனில் கலவரமே நடந்தது. 1993-இல் அதை எடுத்துவிட்டு வீட்டு மதிப்பை ஒட்டிய வேறொரு வரியைக் கொண்டுவந்தார்கள்.

தலைவரி அரிது, அதனால் தேய்வு வீத வரியே அரிது என்று நினைத்துவிட வேண்டாம். நாம் அன்றாடம் சந்திக்கும் தேய்வு வீதம் பொருள் வாங்கும்போது விலைக்குள்ளேயே ஒளிந்துகொண்டு வருகிறது. நம் மூவரையும் வைத்து அதையும் கணக்கிட்டுவிடலாம். மீனாவின் வருமானத்தில் ஒரு காசும் மிஞ்சுவதில்லை, 10,000-மும் செலவாகிவிடுகிறது. ரவி 25,000-ஐச் செலவழித்து 5,000 சேமிக்கிறார். வாணி 40,000-ஐச் செலவழித்து 20,000 சேமிக்கிறார். மொத்தச் செலவு 75,000. செலவழிக்கும் ஒவ்வொரு 100-இலும் 20 வரியாகப் போகிறது என்றால் அரசுக்கு அதே 15,000 வந்துவிடும்.

மீனா 2,000 கட்டுகிறார். ரவி 5,000. வாணி 8,000. தொகையைப் பாருங்கள்: வாணி மீனாவைவிட நான்கு மடங்கு கட்டுகிறார். ஆடம்பரமாகச் செலவழிப்பவர் அதிகம் கட்டுகிறார், எளிமையாக வாழ்பவர் குறைவாகக் கட்டுகிறார் என்று சொல்லிவிடலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் வருமானத்தால் வகுத்தால் மீனாவுக்கு 20 சதவீதம், ரவிக்கு 16.7, வாணிக்கு 13.3. வருமானம் ஏற ஏற வீதம் இறங்குகிறது. தொகை ஏறிக்கொண்டே போனாலும் வரி தேய்வு வீதமாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நான்கு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி இருக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பது சராசரி வரி வீதம்.

| முறை | மீனா (10,000) | ரவி (30,000) | வாணி (60,000) | வரிக்குப் பின் வாணி, மீனாவின் எத்தனை மடங்கு |
|---|---|---|---|---|
| விகிதாச்சாரம் | 1,500 (15%) | 4,500 (15%) | 9,000 (15%) | 6 |
| வளர்வீதம் | 500 (5%) | 3,500 (11.7%) | 11,000 (18.3%) | 5.2 |
| தலைவரி | 5,000 (50%) | 5,000 (16.7%) | 5,000 (8.3%) | 11 |
| செலவு மீதான வரி | 2,000 (20%) | 5,000 (16.7%) | 8,000 (13.3%) | 6.5 |

கடைசி வரிசையைப் பற்றி ஒரு நியாயமான மறுப்பு உண்டு. செலவை அடிப்படையாக வைத்துப் பார்த்தால் அது விகிதாச்சார வரிதானே, எல்லோருக்கும் 20 சதவீதம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். எதனால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து வரியின் வகையே மாறும். இன்னொரு வாதமும் வரும்: வாணி சேமித்த 20,000-ஐ என்றாவது ஒருநாள் செலவழிப்பார், அப்போது அதற்கும் வரி கட்டுவார், ஆகவே ஓர் ஆண்டை மட்டும் பார்க்காமல் வாழ்நாள் முழுவதையும் பார்க்க வேண்டும். வேலை பார்க்கும் வயதில் சேமித்து முதுமையில் செலவழிப்பவர்களுக்கு இது பொருந்தும், தேய்வு அவ்வளவு செங்குத்தாகத் தெரியாது. ஆனால் சேமிப்பு செலவாகாமல் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தால் வாதம் வலுவிழக்கிறது. எனக்கு இதில் சரி தவறைவிட, பேசுகிறவர் எந்த அடிப்படையில் வகுத்தார் என்று முதலில் கேட்பதுதான் முக்கியமாகப் படுகிறது. அதைச் சொல்லாத சதவீதத்துக்கு அர்த்தமில்லை.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய இடங்கள் வேறும் உண்டு. எல்லோருக்கும் ஒரே வீதம், ஆனால் முதல் 10,000-க்கு விலக்கு என்று ஒரு வரி இருந்தால் அது எந்த வகை? 20 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடுங்கள். மீனாவுக்கு வரி இல்லை. ரவிக்கு 20,000-க்கு 4,000, அதாவது வருமானத்தில் 13.3 சதவீதம். வாணிக்கு 50,000-க்கு 10,000, அதாவது 16.7 சதவீதம். வசூல் 14,000-தான் வருகிறது, அது ஒரு பக்கம் இருக்கட்டும். சராசரி வீதம் ஏறுவதைக் கவனியுங்கள். ஒற்றை வீதம் என்று சட்டத்தில் எழுதியிருந்தாலும் இது வளர்வீத வரிதான். 1994-இல் எஸ்டோனியா 26 சதவீத ஒற்றை வீத வருமான வரியைக் கொண்டுவந்தபோது அங்கேயும் ஒரு விலக்கு வரம்பு இருந்தது.

இதற்கு நேர்மாறாக, மேலே ஓர் உச்சவரம்பு வைத்தால் ஒற்றை வீத வரி தேய்வு வீதமாகிவிடும். அமெரிக்காவில் ஊழியர்கள் சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் செலுத்தும் வரி சம்பளத்தில் 6.2 சதவீதம், ஆனால் 2024-இல் அது 1,68,600 டாலர் வரைதான். அதைப்போல இரு மடங்கு சம்பளம் வாங்குபவருக்குச் சராசரி 3.1 சதவீதமாக இறங்கிவிடும். அந்த வரம்பு வரை விகிதாச்சாரம், அதன் பிறகு தேய்வு. அந்த நிதியிலிருந்து பிறகு கிடைக்கும் ஓய்வூதியத்தையும் சேர்த்துப் பார்த்தால் படம் மாறும், ஆனால் வரியை மட்டும் பார்த்தால் இதுதான் வடிவம்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது கழிவுகள்தான். நம் வளர்வீத அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட திட்டங்களில் போடும் சேமிப்பை வருமானத்திலிருந்து கழித்துவிட்டு வரி போடலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. வாணி தன் 20,000 சேமிப்பை முழுவதும் அங்கே போடுகிறார். மீனாவுக்குச் சேமிப்பே இல்லை. ரவி தன் 5,000-ஐக் கையிருப்பாக வைத்திருக்கிறார், அதற்குக் கழிவு கிடையாது. இப்போது வாணியின் வரிக்குரிய வருமானம் 40,000. வரி 500, 3,000, கடைசி 10,000-க்கு 2,500, ஆக 6,000. அவருடைய உண்மையான வருமானம் 60,000-தானே, அதால் வகுத்தால் 10 சதவீதம். ரவியோ 11.7 சதவீதம் கட்டுகிறார். சட்டப் புத்தகத்தில் வீதங்கள் 5, 15, 25 என்று அழகாக ஏறிக்கொண்டே இருக்கின்றன, ஆனால் உச்சியில் வரி தேய ஆரம்பித்துவிட்டது.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அதே 1,000-ஐக் கழிவாகக் காட்டினால் மீனாவுக்கு மிச்சமாகும் வரி 50, வாணிக்கு 250. கழிவின் மதிப்பு இறுதிநிலை வீதத்தைப் பொறுத்தது, ஆகவே உச்ச வீதம் எவ்வளவு உயரமோ, அங்கே இருப்பவருக்குக் கழிவும் அவ்வளவு லாபம். ஒரு நாட்டின் வரி வளர்வீதமா என்று தெரிந்துகொள்ள உச்ச வீதத்தைப் பார்த்துப் பயனில்லை. வெவ்வேறு வருமானக்காரர்கள் கழிவெல்லாம் போக உண்மையில் கட்டிய தொகையை எடுத்து, கழிவுக்கு முந்தைய வருமானத்தால் வகுக்க வேண்டும்.

இதுவரை பணம் உள்ளே வரும் பக்கத்தை மட்டும் பார்த்தோம். அந்த 15,000 எங்கே போகிறது என்றும் பார்த்தால் கதை இன்னும் சுவாரசியமாகிறது. அரசு அதை மூன்று பேருக்கும் சமமாக, ஆளுக்கு 5,000 மதிப்புள்ள பணமாகவோ சேவையாகவோ திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைவரியில் 5,000 கொடுத்து 5,000 வாங்கினால் எதுவுமே நடக்கவில்லை. செலவு மீதான வரியில் என்ன ஆகிறது? மீனா 2,000 கட்டி 5,000 பெறுகிறார், அவருக்கு 3,000 லாபம். ரவிக்குக் கொடுத்ததும் வாங்கியதும் சரியாகிவிடுகிறது. வாணிக்கு 3,000 குறைகிறது. மீனாவிடம் இப்போது 13,000, வாணியிடம் 57,000. திருப்பிக் கிடைத்த 5,000-ஐச் செலவழிக்கும்போது அதற்கும் வரி வரும், அந்தச் சின்னத் திருத்தத்தை இங்கே விட்டுவிடலாம்.

57,000-ஐ 13,000-ஆல் வகுத்தால் 4.4 மடங்கு. பணத்தைத் திருப்பிக் கொடுக்காத வளர்வீத வரி கொண்டுவந்த 5.2 மடங்கைவிட இது குறைவு! தேய்வு வீத வரியே, அதன் பணம் செலவாகும் விதத்தால், வளர்வீத வரியைவிட அதிகமாக இடைவெளியைக் குறைத்துவிட்டது. வளர்வீத வரியில் வந்த பணத்தையும் இதேபோலப் பகிர்ந்தால் மீனாவிடம் 14,500, வாணியிடம் 54,000 இருக்கும், இடைவெளி 3.7 மடங்கு. ஆகவே வரியின் வடிவத்துக்கு மதிப்பில்லாமல் போகவில்லை. ஆனால் ஒரு வரியைத் தனியாகப் பிய்த்தெடுத்து நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்வது அவசரம். கனடா 1991-இல் சரக்கு, சேவை வரியைத் தொடங்கியபோதே, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அந்த வரியின் ஒரு பகுதியை ஈடுசெய்யும் ரொக்கத் தொகையையும் சேர்த்தே தொடங்கியது. மீனா கட்டும் 2,000-ஐக் குறைக்க வீதத்தில் கை வைக்காமல், அவர் கைக்கே பணத்தைத் திருப்பி அனுப்பும் வழி அது.